விற்க ஆளில்லாத விலை

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் சின்சினாட்டி நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த நிறுவனம் மெரிடியன் பயோசயன்ஸ். மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் தொற்றுநோயைக் கண்டறியப் பயன்படுத்தும் பரிசோதனைப் பொருட்களைத் தயாரித்து வந்தது. 2006-ம் ஆண்டில் அதன் பங்கு உச்சத்திலிருந்து 31 சதவிகிதம் சரிந்தது. பிறகு மீண்டு ஏறி, மறுபடியும் இறங்கியது. இந்த முறை இறக்கம் 17 சதவிகிதத்தோடு நின்றது. அடுத்த இறக்கம் 8 சதவிகிதம். அதற்கும் அடுத்தது வெறும் 3 சதவிகிதம். இத்தனையும் நடந்து முடிய ஏறக்குறைய 40 வாரங்கள் ஆயின. அந்தக் கடைசி 3 சதவிகித இறக்கத்தின்போது பங்கு கைமாறிய எண்ணிக்கை மிகக் குறைந்திருந்தது. 2007 ஜனவரியில் விலை அந்தக் குறுகிய வரம்பை உடைத்து மேலே கிளம்பியது. அடுத்த 15 மாதங்களில் பங்கு 118 சதவிகிதம் உயர்ந்தது.

இந்த உதாரணத்தைத் தன் புத்தகத்தில் படம் போட்டு விளக்கியவர் மார்க் மினெர்வினி. அமெரிக்க முதலீட்டுச் சாம்பியன்ஷிப் போட்டியில் 1997-ல் 155 சதவிகித லாபத்துடன் முதலிடம் பிடித்த வர்த்தகர். 2021-ல் மீண்டும் அதே போட்டியில் 334.8 சதவிகிதத்துடன் வென்றார். மெரிடியன் பங்கு வரைந்த உருவத்துக்கு அவர் வைத்த பெயர் ‘வொலட்டிலிட்டி கான்ட்ராக்‌ஷன் பேட்டர்ன்’. வர்த்தகர்கள் சுருக்கமாக ‘விசிபி’ என்கிறார்கள். விலையின் ஏற்ற இறக்கம் படிப்படியாகச் சுருங்கி வரும் உருவம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

பெயர் புதிது என்றாலும் இதில் உள்ள கவனிப்பு பழையது. ஜெஸ்ஸி லிவர்மோர் 1940-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே, விலை ஒரு குறிப்பிட்ட புள்ளியைக் கடக்கும் வரை காத்திருந்து வாங்குவதைப் பற்றி எழுதினார். அவருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து வில்லியம் ஓ’நீல், கைப்பிடி வைத்த கோப்பை போன்ற சார்ட் உருவத்தைப் பிரபலப்படுத்தினார். அந்தக் கைப்பிடிப் பகுதியில் விலை கொஞ்சமாக இறங்க வேண்டும், வால்யூம் வற்ற வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. மினெர்வினி செய்தது, உருவத்தின் வடிவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அதற்குள் நடக்கும் சுருக்கத்தை எண்களாக எழுதிக் காட்டியது. மெரிடியனுக்கு அவர் எழுதிய குறிப்பு மூன்றே தகவல்கள்தான்: 40 வாரம், 31-லிருந்து 3, நான்கு முறை. எவ்வளவு காலம், முதல் இறக்கமும் கடைசி இறக்கமும் எவ்வளவு ஆழம், எத்தனை இறக்கங்கள் என்பதை இந்த ஒற்றை வரி சொல்லிவிடுகிறது.

ஆனால், எண்கள் சுருங்குவதால் மட்டும் பங்கு ஏறிவிடுவதில்லை. அந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் யார் விற்கிறார்கள், யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்ளலாம். இறக்கங்களின் அளவு மெரிடியனில் நடந்ததுபோலவே இருக்கட்டும். விலைகள் மட்டும் கணக்குப் பார்க்க வசதியாக ரூபாயில் வைத்துக்கொண்டவை.

பங்கு 1,000 ரூபாய் உச்சத்தைத் தொட்டு, 31 சதவிகிதம் சரிந்து 690-க்கு வருகிறது. 950-க்கும் 1,000-க்கும் இடையே ஆசையோடு வாங்கிய பலர் இப்போது நஷ்டத்தில் சிக்கியிருக்கிறார்கள். 690-லிருந்து மறுபடி 1,000-ஐத் தொட 45 சதவிகிதம் ஏறியாக வேண்டும். அந்த நாட்களில் அவர்களுடைய எண்ணமெல்லாம் ஒன்றுதான்: போட்ட காசு வந்தால் போதும், விற்றுவிட்டு வெளியேறிவிடலாம். லாபத்தில் இருக்கும் பங்கைச் சீக்கிரம் விற்பதும், நஷ்டத்தில் இருக்கும் பங்கை அசல் திரும்பும் வரை பிடித்துக்கொண்டிருப்பதும் முதலீட்டாளர்களின் இயல்பு என்று ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெயிர் ஸ்டாட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-லேயே எழுதினார்கள். சார்ட்டில் அந்த இயல்பு விற்பனை அழுத்தமாகத் தெரியும்.

பங்கு 940 வரை மீள்கிறது. சிக்கிக்கொண்டவர்களுக்கு நஷ்டம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது; நிறைய பேர் விற்கிறார்கள். இன்னொரு கூட்டமும் விற்கிறது. 700 ரூபாய்க்கு அருகில் துணிந்து வாங்கியவர்களுக்கு 940-ல் 34 சதவிகித லாபம் கையில் இருக்கிறது. அவர்களில் ஒரு பகுதியினர் லாபத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு பக்க விற்பனையும் சேர்ந்து விலையை 17 சதவிகிதம் இறக்குகின்றன. பங்கு 780-ல் நிற்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, விலை 690-க்குத் திரும்பவில்லை என்பது. விற்க வந்த பங்குகளை 780-க்கு மேலேயே யாரோ வாங்கிக்கொண்டார்கள். அப்படி வாங்கியவர்கள் புதிய விலையில் நுழைந்தவர்கள். அவர்களுக்குப் பழைய நஷ்டமும் இல்லை, அவசரமாக எடுக்க வேண்டிய பழைய லாபமும் இல்லை.

மூன்றாவது சுற்றில் பங்கு 920 வரை ஏறி 8 சதவிகிதம் இறங்கி 846-ல் திரும்புகிறது. நான்காவது சுற்றில் 910-ஐத் தொட்டு, 3 சதவிகிதம் இறங்கி 883-ல் நின்றுவிடுகிறது. அடிமட்டங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் 690, 780, 846, 883 என்று ஏறிக்கொண்டே போகின்றன. உச்சங்களோ 1,000, 940, 920, 910 என்று ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் விற்க வேண்டும் என்று காத்திருந்தவர்கள் ஒரு பகுதி விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். நான்காவது சுற்றில் விற்க மிச்சமிருப்பவர்கள் குறைவு. அதனால்தான் விலையை 3 சதவிகிதத்துக்கு மேல் இறக்க அவர்களால் முடியவில்லை.

ஒவ்வொரு இறக்கமும் முந்தையதில் ஏறக்குறைய பாதியாக இருப்பது மினெர்வினி சொல்லும் பொதுவான அளவு. அது கறாரான விதி கிடையாது. பாதிக்குச் சற்று மேலோ கீழோ இருக்கலாம். பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு இறக்கங்கள் வரும். சில பங்குகளில் ஐந்தாறு வருவதும் உண்டு. இடமிருந்து வலமாகப் பார்க்கும்போது ஆழம் குறைந்துகொண்டே வர வேண்டும் என்பதே முக்கியம். முதலில் 20, பிறகு 10, பிறகு 18 சதவிகிதம் என்று இறங்கிய பங்கில் சுருக்கம் கலைந்துவிட்டது. அங்கே புதிதாக விற்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

விலையின் சுருக்கம் பாதிக் கதை. மீதிப் பாதியை வால்யூம் சொல்கிறது.

சார்ட்டின் அடியில் வரிசையாக நிற்கும் செங்குத்துக் கோடுகள், ஒவ்வொரு நாளும் எத்தனை பங்குகள் கைமாறின என்பதைக் காட்டுகின்றன. வர்த்தகர்கள் அதன்மேல் 50 நாள் சராசரிக் கோட்டைப் போட்டு வைத்திருப்பார்கள். ஆரோக்கியமான விசிபி-யில் முதல் சரிவின்போது வால்யூம் அதிகமாக இருப்பது சகஜம்; பயந்து விற்பவர்களின் நேரம் அது. அடுத்தடுத்த இறக்கங்களில் கோடுகள் குட்டையாகின்றன. கடைசிச் சுருக்கத்தில் பல நாட்கள் சராசரிக்கு வெகு கீழே போய்விடும். அந்த 40 வாரங்களிலேயே மிகக் குறைவான வால்யூம் நாள் இந்தக் கடைசி இடத்தில் வந்தால், அனுபவசாலிகள் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

குறைந்த வால்யூமுக்கு இரண்டு அர்த்தங்கள் இருக்கலாம் என்பதால் இங்கே நிதானம் தேவை. விற்க ஆளில்லாமலும் வால்யூம் குறையும். வாங்க ஆளில்லாமலும் குறையும். எது நடக்கிறது என்பதை விலை நிற்கும் இடம்தான் காட்டிக்கொடுக்கும். வாங்க ஆளில்லை என்றால், கொஞ்சம் பேர் விற்றாலே விலை வழுக்கி விழும். வால்யூம் வற்றியும் விலை வரம்பின் மேல்பகுதியிலேயே, 883-க்கும் 910-க்கும் இடையே அசையாமல் இருக்கிறது என்றால், பங்கை வைத்திருப்பவர்கள் அந்த விலைக்கு விற்கத் தயாராக இல்லை. கூடவே, முந்தைய வாரங்களில் விலை ஏறிய நாட்களின் வால்யூம், இறங்கிய நாட்களின் வால்யூமைவிட அதிகமாக இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். அது இருந்தால், பெரிய கைகள் உள்ளே வந்திருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது 910 என்ற விலைக்கு வருவோம். கடைசிச் சுருக்கத்தின் உச்சம் அது. வர்த்தகர்கள் அதை ‘பிவட்’ என்கிறார்கள். 910-ல் விற்க இருந்தவர்கள் ஏற்கெனவே விற்றுவிட்டார்கள். அதைத் தாண்டி விலை நகர்ந்தால் உடனடியாகத் தடுக்க ஆள் குறைவு. ஒரு பெரிய நிதி நிறுவனம் லட்சக்கணக்கில் பங்குகளைச் சேர்க்க முனைந்தால், விற்பவர்களைத் தேடி விலையை உயர்த்திக்கொண்டே போக வேண்டியிருக்கும். பிவட்டைக் கடந்த பங்கு சில நேரம் சில நாட்களிலேயே வேகம் எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

கடக்கும் அந்த நாளில் மட்டும் வால்யூம் தலைகீழாக மாற வேண்டும். வற்றிக் கிடந்த கோடு திடீரென நிமிர வேண்டும். சராசரியைவிடக் குறைந்தது 40 முதல் 50 சதவிகிதம் அதிகமாக இருக்க வேண்டும் என்பது ஓ’நீல் வைத்த அளவுகோல். நாள் முடியும் வரை காத்திருந்தால் விலை போய்விடுமே என்று கேட்கலாம். நம் தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் காலை 9.15-க்குத் தொடங்கி மாலை 3.30-க்கு முடிகிறது, மொத்தம் 375 நிமிடங்கள். காலையிலும் கடைசி நேரத்திலும் வர்த்தகம் அதிகம் நடக்கும், நண்பகலில் மந்தமாக இருக்கும். முதல் ஒரு மணி நேரத்திலேயே ஒரு முழு நாள் சராசரியில் பாதி கைமாறிவிட்டது என்றால், அன்றைய வால்யூம் சராசரியைத் தாண்டும் வாய்ப்பு அதிகம் என்று கணிக்க முடியும். பிவட்டிலிருந்து 5 சதவிகிதத்துக்கு மேல் ஓடிவிட்ட பங்கைத் துரத்தக் கூடாது என்பதும் ஓ’நீலின் விதி. நமது உதாரணத்தில் 955 ரூபாய்க்கு மேல் வாங்குவது அந்த எல்லையைத் தாண்டுவதாகும்.

விசிபி-யின் உண்மையான பயன் எதில் இருக்கிறது என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். பங்கு ஏறும் என்று அது சொல்வதாக நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, கணிப்பு தப்பு என்று தெரிந்துகொள்ளும் இடத்தை அது மிக அருகில் கொண்டுவந்து வைக்கிறது. கணக்குப் போட்டால் இது தெளிவாகும்.

ஒருவரிடம் 5 லட்சம் ரூபாய் முதலீடு இருக்கிறது. ஒரு பங்கில் தவறு நேர்ந்தால் மொத்தத்தில் 1 சதவிகிதம், அதாவது 5,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்று முடிவு செய்கிறார். பங்கு பிவட்டைக் கடக்கும்போது 912-ல் வாங்குகிறார். கடைசி அடிமட்டமான 883-க்குச் சற்றுக் கீழே, 880-ல் ஸ்டாப்லாஸ் வைக்கிறார். விலை அங்கே வந்துவிட்டால், விற்பவர்கள் தீர்ந்துவிட்டார்கள் என்ற கணிப்பு தவறாகிவிட்டது. அதற்குமேல் காத்திருக்கக் காரணமில்லை. வாங்கிய விலைக்கும் ஸ்டாப்லாஸுக்கும் உள்ள தூரம் 32 ரூபாய். 5,000-ஐ 32-ஆல் வகுத்தால் 156 பங்குகள் வாங்கலாம். அதற்கு ஏறக்குறைய 1,42,000 ரூபாய் தேவை.

இதே மனிதர் பொறுமையில்லாமல் முதல் மீட்சியிலேயே 930-ல் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்போது சார்ட்டில் தெரியும் உறுதியான அடிமட்டம் 690 மட்டும்தான். அதுவரை தூரம் 240 ரூபாய். அதே 5,000 ரூபாய் இழப்பு எல்லைக்குள் அவரால் 20 பங்குகள்தான் வாங்க முடியும். பங்கு பின்னாளில் 1,094-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 912-ல் 156 பங்குகள் வாங்கியவருக்கு 28,392 ரூபாய் லாபம். 930-ல் 20 பங்குகள் வாங்கியவருக்கு 3,280 ரூபாய். இருவரும் பணயம் வைத்தது ஒரே தொகை. அதோடு முன்கூட்டியே வாங்கியவர், பங்கு 780-க்கு இறங்கிய நாட்களையும் தாங்கிக்கொண்டு பல மாதங்கள் பணத்தை முடக்கியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. ஸ்டாப்லாஸ் ஆர்டர், வைத்த விலையில்தான் நிறைவேறும் என்ற உத்தரவாதம் யாருக்கும் இல்லை. காலாண்டு முடிவு மோசமாக வந்து, மறுநாள் காலை பங்கு நேராக 820-ல் தொடங்குகிறது என்றால் 880-ல் விற்க வழியே கிடையாது. 156 பங்குகளுக்கும் பங்கு ஒன்றுக்கு 92 ரூபாய் வீதம் 14,352 ரூபாய் போய்விடும். 1 சதவிகிதம் என்று நினைத்த நஷ்டம் ஏறக்குறைய 3 சதவிகிதமாகிவிடும். ஸ்டாப்லாஸ் எவ்வளவு நெருக்கமோ, வாங்கும் பங்கு எண்ணிக்கை அவ்வளவு அதிகம். எண்ணிக்கை அதிகமாக அதிகமாக இந்த ஆபத்தும் பெருகும். காலாண்டு முடிவு வரும் தேதியை முன்பே பார்த்துவைப்பதும், ஒரே பங்கில் மொத்தப் பணத்தில் இத்தனை சதவிகிதத்துக்கு மேல் போடுவதில்லை என்று தனியாக ஓர் எல்லை வைத்துக்கொள்வதும் அதனால்தான் அவசியமாகின்றன.

சுருக்கம் எங்கே நடக்கிறது என்பதும் சுருக்கத்தின் அளவுக்கு முக்கியம். ஏறுமுகத்தில் இருக்கும் பங்கு இளைப்பாறும்போது தோன்றும் உருவமே விசிபி. இதைச் சோதிக்க மினெர்வினி சில நிபந்தனைகளை வைத்திருக்கிறார். பங்கின் விலை தன் 150 நாள், 200 நாள் சராசரிகளுக்கு மேலே இருக்க வேண்டும். 200 நாள் சராசரி குறைந்தது ஒரு மாதமாவது ஏறிக்கொண்டிருக்க வேண்டும். 52 வார உச்சத்திலிருந்து 25 சதவிகிதத்துக்குள் விலை இருக்க வேண்டும். இவை எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு வகையில் கேட்கின்றன: பங்கு ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கிறதா?

இந்தக் கேள்வியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க நிதியியலில் வேறோர் உண்மை உதவுகிறது. விலைகளில் அமைதி நிலவினால் அமைதி தொடர்வதும், கொந்தளிப்பு வந்தால் கொந்தளிப்பு தொடர்வதும் இயல்பு என்று பெனுவா மண்டல்பிரோ 1963-ல் கவனித்தார். ராபர்ட் எங்கல் 1982-ல் அதற்குக் கணித மாதிரி தந்தார். 2003-ல் நோபல் பரிசும் பெற்றார். அந்த மாதிரி, ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதைக் கணிக்க உதவும். எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்லாது. விலை சுருங்கிக் கிடப்பதும் அப்படித்தான். சரிந்துகொண்டிருக்கும் பங்கும் நடுவழியில் சுருங்கி நிற்கும். பிறகு கீழே உடைத்துக்கொண்டு போகும். திசையைப் பற்றிய சாட்சியம் முந்தைய ஏற்றத்திலிருந்தும், ஏறிக்கொண்டே வரும் அடிமட்டங்களிலிருந்தும், வால்யூம் நடந்துகொண்ட விதத்திலிருந்தும்தான் வர வேண்டும்.

விசிபி போலவே தெரிந்து ஏமாற்றும் சார்ட்டுகள் மூன்று வகையில் வரும். முதலாவது, எப்போதுமே வர்த்தகம் மெலிந்த சிறு பங்குகள். ஒரு நாளைக்கு சில ஆயிரம் பங்குகள் மட்டும் கைமாறும் நிறுவனத்தில் வால்யூம் குறைந்ததற்கு எந்த அர்த்தமும் கிடையாது. அங்கே முதலில் நிறைய வால்யூம் இருந்து, அது வற்றியதா என்று பார்க்க வேண்டும். சிலர் சேர்ந்துகொண்டு விலையை ஆட்டிவைப்பதும் இத்தகைய பங்குகளில்தான் எளிது.

இரண்டாவது, சர்க்யூட்டில் மாட்டிய பங்குகள். இந்தியச் சந்தைகளில் பல பங்குகளுக்கு ஒரு நாளில் 2, 5, 10 அல்லது 20 சதவிகிதம்தான் விலை நகரலாம் என்ற எல்லை உண்டு. கீழ் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்ட பங்கில் வால்யூம் சுத்தமாக வற்றிவிடும். விற்க வரிசையாக ஆள் நிற்கிறார்கள், வாங்கத்தான் யாரும் இல்லை. சார்ட்டில் குட்டையான கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது விற்பனை ஓய்ந்ததுபோலத் தோன்றலாம். நிலைமை நேர் எதிர்.

மூன்றாவது வகை பார்க்க மிக அழகாக இருக்கும். ஒரு நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் முழுப் பணம் கொடுத்து வாங்குவதாக அறிவித்தால், பங்கின் விலை பெரும்பாலும் அந்த அறிவிப்பு விலைக்குச் சற்றுக் கீழே ஒட்டிக்கொண்டுவிடும். நாள் ஏற்ற இறக்கம் சுருங்கும், வால்யூம் குறையும், சார்ட் நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கும். ஆனால் வேறு யாரும் கூடுதல் விலை கேட்டு வராத வரை அதற்கு மேலே போகக் காரணமே இல்லை. ஒப்பந்தம் முறிந்தால் சரிவு மட்டும்தான் மிச்சம். மெரிடியன் பயோசயன்ஸின் முடிவும் இத்தகைய ஒப்பந்தம்தான். பங்குக்கு 34 டாலர் தருவதாக 2022 ஜூலையில் அறிவிப்பு வந்தது. 2023 ஜனவரியில் தென் கொரியாவின் எஸ்.டி. பயோசென்சார் தலைமையிலான கூட்டு அதை வாங்கி முடித்தது. சார்ட்டைப் பார்ப்பதற்கு முன் அந்த நிறுவனத்தைப் பற்றிய அறிவிப்புகளைப் பார்க்க வேண்டியதன் காரணம் இதுதான்.

முறையாக அமைந்த விசிபி-யும் பொய்க்கும். மெரிடியன் வெற்றி பெற்ற உதாரணம். அதனால்தான் புத்தகத்தில் இடம்பெற்றது. அதேபோலச் சுருங்கி, பிவட்டைக் கடந்து, சில நாட்களில் திரும்பி விழுந்த பங்குகள் புத்தகங்களில் குறைவாகவும் சந்தையில் நிறையவும் இருக்கின்றன. நடந்து முடிந்த சார்ட்டில் எந்த இறக்கம் கடைசி, எந்த உச்சம் பிவட் என்று கண்டுபிடிப்பது சுலபம். வலது ஓரத்தில் நின்றுகொண்டு பார்க்கும்போது அது கடைசிதானா என்பது தெரியாது. ஒரே பங்கில் ஒருவர் மூன்று சுருக்கங்கள் எண்ணுவார், இன்னொருவர் நான்கு எண்ணுவார். இறக்கத்தை நாளின் உச்ச, தாழ்வு விலைகளை வைத்து அளப்பதா, முடிவு விலைகளை வைத்து அளப்பதா என்பதைப் பொறுத்தும் சதவிகிதம் மாறும். ஏதாவது ஒரு முறையைத் தேர்ந்துகொண்டு, எல்லாப் பங்குகளையும் அதே முறையில் அளப்பது இந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

மொத்தச் சந்தையும் ஒத்துழைக்க வேண்டும். நிஃப்டி போன்ற குறியீடுகள் சரிந்துகொண்டிருக்கும் மாதங்களில், நன்றாகச் சுருங்கிய பங்குகள்கூடப் பிவட்டைத் தாண்டிய கையோடு திரும்பிவிடுவது சகஜம். அடுத்தடுத்து மூன்று நான்கு பங்குகளில் ஸ்டாப்லாஸ் அடிபட்டால், அனுபவசாலிகள் தங்கள் சார்ட் வாசிப்பைச் சந்தேகிப்பதற்கு முன் சந்தையின் நிலையைப் பார்ப்பார்கள். வாங்கும் அளவைக் குறைத்துக்கொள்வார்கள்.

தோற்கும் பிரேக்அவுட்டை அடையாளம் காண மூன்று தடயங்கள் உண்டு. பிவட்டைக் கடந்த நாளில் வால்யூம் சராசரியைத் தாண்டாமல் இருப்பது முதல் தடயம். பகலில் மேலே போய்விட்டு, நாள் முடிவில் விலை வரம்பின் கீழ்ப்பகுதியில் முடிவது இரண்டாவது. அடுத்த சில நாட்களில் ஏறும்போது வால்யூம் மெலிந்தும் இறங்கும்போது வால்யூம் கூடியும் இருப்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்து வந்தால், தீர்ந்துவிட்டார்கள் என்று நினைத்த விற்பனையாளர்கள் இன்னும் மேலே காத்திருந்தார்கள் என்று பொருள். அப்போது ஸ்டாப்லாஸ் வரை காத்திருக்காமலேயே சிலர் அளவைக் குறைப்பார்கள்.

தோற்ற பங்கைப் பட்டியலிலிருந்து அழித்துவிட வேண்டும் என்பதில்லை. 880-ல் ஸ்டாப்லாஸ் அடித்து வெளியேறிய பிறகு, பங்கு 860 வரை இறங்கி, அங்கே மறுபடி ஆதரவு பெற்று ஏறத் தொடங்கலாம். கடைசி அடிமட்டம் உடைந்தபோது பயந்து விற்றவர்களின் பங்குகளும் அப்போது கைமாறியிருக்கும். பிறகு விலை மீண்டும் 900-ஐ ஒட்டிச் சில வாரம் சுருங்கி, வால்யூம் மறுபடி வற்றினால், புதிய பிவட் ஒன்று உருவாகும். புதிய ஸ்டாப்லாஸ் விலையும் கிடைக்கும். முதல் முயற்சியில் பணம் போனதை மனதில் வைத்துக்கொண்டு அந்த இரண்டாவது சந்தர்ப்பத்தை விட்டுவிடுபவர்கள் பலர். அடிமட்டங்கள் ஏறுகின்றனவா, இறக்கம் சுருங்குகிறதா, வால்யூம் வற்றியதா, 200 நாள் சராசரி இன்னும் மேல்நோக்கி இருக்கிறதா என்று முதலில் கேட்ட கேள்விகளையே மறுபடி வரிசையாகக் கேட்டு, பதில்கள் சாதகமாக இருந்தால் பங்கு எண்ணிக்கையைப் புதிதாகக் கணக்கிட்டு வாங்கலாம். 860-க்குக் கீழே போய்விட்டு 200 நாள் சராசரியையும் உடைத்துவிட்டது என்றால், அந்தப் பங்கின் 40 வாரக் கதை முடிந்துவிட்டது. அடுத்த உருவம் அமைய இன்னும் பல மாதங்கள் ஆகலாம்.